நாற்பதாவது நொடியில் சொன்ன சிவப்பு லைட்டு

ஒரே அழைப்பை மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். ஒருவர் 90 போடுகிறார், இன்னொருவர் 60, மூன்றாமவர் பூஜ்யம். மூவரும் கால் சென்டரில் இதே வேலையைப் பல வருடமாகச் செய்கிறவர்கள். மூவர் கையிலும் இருப்பது ஒரே படிவம். யாரும் அவசரத்தில் போட்டதில்லை, யாருக்கும் அந்த ஏஜெண்டின் மேல் கோபமும் இல்லை.

வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டால், உங்கள் அழைப்பு தரத்துக்காகவும் பயிற்சிக்காகவும் பதிவு செய்யப்படலாம் என்று ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவு போய்ச் சேருவது இவர்களைப் போன்றவர்களிடம்தான். க்யூஏ என்று அழைப்பார்கள். பதிவைக் கேட்டு, படிவத்தில் உள்ள கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக மதிப்பெண் போட்டு, பிறகு அந்த ஏஜெண்டுடன் உட்கார்ந்து பேசுவது இவர்களுடைய வேலை. சில நிறுவனங்களில் மதிப்பெண்ணை க்யூஏவும் பேச்சை டீம் லீடரும் பார்த்துக்கொள்வார்கள். இந்த வேலை எங்கே தடுமாறுகிறது, எப்படிச் சரியாகிறது என்பதை ஒரே ஒரு அழைப்பை வைத்துச் சொல்லிவிட முடியும். இங்கே வருகிற அழைப்பு, இந்தத் தொழிலில் திரும்பத் திரும்பக் கேட்கும் பல அழைப்புகளைச் சேர்த்து நான் அமைத்தது. ஆனால் இதில் நடப்பது எல்லாமே நடக்கிறவைதான்.

பிராட்பேண்ட் நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவு. ஈரோட்டிலிருந்து ஒரு பெண் கூப்பிடுகிறார். வணக்கம், பெயர், பதிவு செய்த மொபைல் எண் எல்லாம் முடிந்து நாற்பதாவது நொடியில் அவர் சொல்வது இது: "காலையிலேருந்து நெட் வரலைங்க. மோடத்துல சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது. ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பார்த்துட்டேன்."

ஏஜெண்ட் சொல்கிறார்: "உங்க சிரமத்துக்கு மனப்பூர்வமா வருந்துறோம் மேடம். மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

அவர் செய்கிறார். மாற்றம் இல்லை. வயரைக் கழற்றி மாட்டச் சொல்கிறார் ஏஜெண்ட். அதுவும் ஆகிறது. பிறகு, "லைன்ல இருங்க மேடம்" என்று சொல்லி மூன்று நிமிடம் ஹோல்டில் போடுகிறார். நடுவில் திரும்பி வந்து இன்னும் நேரம் ஆகும் என்று சொல்லவில்லை. ஆறாவது நிமிடத்தில்தான், "மோடத்துல என்ன லைட்டு எரியுது மேடம்?" என்று கேட்கிறார். "அதான் முதல்லயே சொன்னேனேங்க, சிவப்பு லைட்டு." அதன்பின் புகார் பதிவாகிறது. டாக்கெட் எண் கொடுக்கிறார். டெக்னீஷியன் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவார் என்கிறார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டு, நன்றி சொல்லி முடிக்கிறார். குரல் கடைசிவரை இனிமையாகவே இருக்கிறது.

மறுநாள் மதியம் அந்தப் பெண் மறுபடி கூப்பிடுகிறார். யாரும் வரவில்லை.

இனி படிவம். நூறு மதிப்பெண்ணில், வரவேற்புக்கு 5, வாடிக்கையாளர் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கு 10, பிரச்சினையைப் புரிந்துகொள்வதற்கு 20, சரியான தீர்வுக்கு 30, ஹோல்ட் முறைக்கு 10, பேச்சுக்கும் தொனிக்கும் 10, கணினியில் அழைப்பின் காரணத்தைச் சரியாகக் குறிப்பதற்கு 10, முடித்துவைப்பதற்கு 5 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்துக்கு நிறுவனம் எண்கள் மாறும், தலைப்புகள் பெரும்பாலும் இவையேதான். இவற்றுக்கு வெளியே ஃபேட்டல் என்று ஒரு பகுதி உண்டு. அடையாளம் சரிபார்க்காமல் கணக்கு விவரம் சொல்வது, மரியாதைக்குறைவாகப் பேசுவது, தவறான தகவல் கொடுப்பது போன்றவை அதில் வரும். அதில் ஒன்று நடந்தாலும் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மொத்த அழைப்புக்கும் பூஜ்யம்.

முதல் க்யூஏ, ஹோல்டுக்கு மட்டும் பத்தைக் கழித்து 90 போட்டார். பிரச்சினையைப் புரிந்துகொள்ளக் கேள்வி கேட்டாரா என்றால், கேட்டார். புகார் பதிவானதா என்றால், ஆனது. இரண்டாமவர், வாடிக்கையாளர் முன்பே சொன்னதை ஆறாவது நிமிடத்தில் திரும்பக் கேட்டதால் புரிந்துகொள்ளவில்லை என்று, ஹோல்டுக்கான பத்தோடு இருபதையும் கழித்தார். திரைப் பதிவையும் திறந்து பார்த்ததால், காரணம் என்ற இடத்தில் 'வேகம் குறைவு' என்று ஏஜெண்ட் தேர்ந்தெடுத்திருந்தது தெரிந்தது, அதற்கும் பத்து போனது. ஆக 60. மூன்றாமவர் கடைசி வாக்கியத்தைப் பிடித்தார். அந்தப் பகுதிக்குத் திரையில் காட்டிய காலக்கெடு 24 மணி நேரம். இரண்டு மணி நேரம் என்று சொன்னது தவறான தகவல். பூஜ்யம்.

இப்படி ஒரே அழைப்பைப் பலர் தனித்தனியே மதிப்பிட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து வித்தியாசத்தைப் பேசித் தீர்ப்பதற்குக் கேலிப்ரேஷன் என்று பெயர். மாதம் ஒரு முறையாவது நடக்க வேண்டும், அதில் டீம் லீடர்களும் இருக்க வேண்டும். பல இடங்களில் இதை ஒரு சடங்காக்கிவிடுகிறார்கள். இருப்பதில் மூத்தவர் தன் எண்ணைச் சொல்ல, மற்றவர்கள் தங்கள் எண்ணை அதற்குப் பக்கத்தில் நகர்த்திக்கொள்வார்கள். கூட்டம் அரை மணி நேரத்தில் இணக்கமாக முடியும், படிவம் அப்படியே இருக்கும். எண்ணை எழுதிக் கொடுத்த பிறகே பேச்சைத் தொடங்குவது இதற்கு எளிய மாற்று. அப்போதுதான் கேள்வி யார் சரி என்பதிலிருந்து, படிவத்தின் எந்த வரி மூன்று விதமாகப் படிக்க இடம் கொடுத்தது என்பதற்குப் போகும்.

நம் அழைப்பில் அந்த வரி, 'பிரச்சினையைப் புரிந்துகொண்டாரா' என்பது. புரிதல் என்பது ஏஜெண்டின் மனதுக்குள் நடப்பது, பதிவில் கேட்காது. கேட்கக்கூடியதாக அதை மாற்றி எழுத வேண்டும்: வாடிக்கையாளர் ஏற்கெனவே சொன்ன விவரத்தை ஏஜெண்ட் மறுபடி கேட்டாரா? ஏற்கெனவே செய்து பார்த்ததாகச் சொன்னதை மறுபடி செய்யச் சொன்னாரா? இந்த இரண்டு கேள்விக்கும் பதிவில் நிமிடத்தோடு விடை இருக்கிறது. மூன்று பேர் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்.

அனுதாபம் என்ற வரியும் இப்படித்தான். வருந்துகிறோம் என்ற சொல் வந்ததா என்று படிவம் கேட்டால், ஏஜெண்டுகள் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார்கள். வாடிக்கையாளர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பேகூட வந்துவிடும். ஈரோட்டுப் பெண்ணுக்குக் கிடைத்தது அதுதான். "ரெண்டு தடவை ஆஃப் பண்ணிப் பார்த்துட்டீங்களா, சரிங்க, அது வேண்டாம். சிவப்பு லைட்டு எந்த எழுத்துக்குப் பக்கத்துல எரியுது?" என்று கேட்டிருந்தால், அதில் வருத்தம் என்ற சொல்லே இல்லாவிட்டாலும் தன் பேச்சை ஒருவர் காதில் வாங்கினார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஃபைபர் இணைப்பு மோடத்தில் LOS என்று எழுதியிருக்கும் இடத்தில் சிவப்பு எரிந்தால், ஒளி சிக்னல் வந்து சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் வெளியே எங்கோ கேபிள் அறுந்திருக்கும், அல்லது மடங்கியோ இணைப்பு தளர்ந்தோ இருக்கும். வீட்டுக்குள் மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அறுந்த கேபிள் ஒட்டாது. நாற்பதாவது நொடியில் கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தால், அந்த அழைப்பு மூன்று, நான்கு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

காரணம் என்ற இடத்தில் 'வேகம் குறைவு' என்று விழுந்ததுதான் மறுநாள் அழைப்புக்கு வேர். அந்தக் குறியீட்டோடு போகும் புகார், அலுவலகத்தில் உட்கார்ந்தபடி இணைப்பின் அமைப்பைச் சரிபார்க்கும் குழுவுக்குப் போகிறது. கேபிளைப் பார்க்கும் களக் குழுவின் வரிசைக்கு அது வரவே இல்லை. ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் கொடுக்க வேண்டும் என்பது டிராயின் ஒழுங்குமுறை, ஏஜெண்டும் கொடுத்துவிட்டார். ஆனால் அந்த எண் தவறான மேசையில் உட்கார்ந்திருந்தது. பத்தே மதிப்பெண் உள்ள ஒரு வரி, அதுவும் குரல் பதிவில் காதில் விழாத வரி, வாடிக்கையாளருக்கு ஒரு நாளைத் தின்றுவிட்டது. குரலை மட்டும் கேட்டு மதிப்பெண் போடும் க்யூஏவுக்கு இது ஒருபோதும் தெரியாது. திரைப் பதிவு இல்லாத இடங்களில் புகாரின் குறிப்பையாவது திறந்து பார்க்க வேண்டும்.

இதனால்தான் எல்லாத் தவறையும் ஒரே நூறுக்குள் போட்டுக் கூட்டிக் கழிப்பதை நான் நம்புவதில்லை. வாடிக்கையாளர் சேவைக்கான தர நெறிமுறைகளில் நன்கு அறியப்பட்ட சிஓபிசி, பெரிய தவறுகளை மூன்றாகப் பிரிக்கிறது: வாடிக்கையாளரைப் பாதிப்பவை, நிறுவனத்தைப் பாதிப்பவை, சட்ட விதிகளைப் பாதிப்பவை. இவற்றில் சேராத சிறு பிழைகளைத் தனியாக வைக்கிறது. அந்த முறையில் நம் அழைப்புக்கு எண் போட வேண்டியதில்லை. வாடிக்கையாளரைப் பாதிக்கும் தவறு இரண்டு, தவறான குறியீடும் தவறான நேர வாக்குறுதியும். வரவேற்பு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் இவற்றை ஈடுகட்டாது. அதேசமயம், ஹோல்டில் பத்து நொடி கூடிப்போனதற்காக ஒருவர் குறைந்த மதிப்பெண் வாங்கித் தலைகுனிய வேண்டியதும் இல்லை.

எந்த அழைப்பைக் கேட்பது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு ஏஜெண்ட் நாளுக்கு 50 அழைப்பு எடுத்து, மாதம் 24 நாள் வேலை பார்த்தால், 1,200 அழைப்பு ஆகிறது. அதில் ஐந்தைக் கேட்டு மதிப்பெண் போட்டால், ஆயிரத்துக்கு நான்குதான் கேட்டிருக்கிறோம். அதை வைத்து ஒருவருக்கு 84, பக்கத்து இருக்கைக்காரருக்கு 88 என்று பட்டியல் ஒட்டுவதற்கு அர்த்தமே இல்லை. எந்த ஐந்து கையில் விழுந்தது என்பதிலேயே அந்த நான்கு மதிப்பெண் போய்விடும். க்யூஏவுக்கும் நாளுக்கு இத்தனை என்று இலக்கு உண்டு. பத்து நிமிட அழைப்பை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, திரையைப் பார்த்து, குறிப்பு எழுத அரை மணி நேரம் ஆகும். மாலைக்குள் இலக்கை முடிக்க வேண்டியவர் கை, தன்னையறியாமல் மூன்று நிமிட அழைப்புகளைத் தேடும். சிரமமான அழைப்புகள் யார் காதிலும் விழாமல் போகும். மதிப்பெண் சராசரி உயர்ந்துகொண்டே போக, புகார்களும் கூடிக்கொண்டே போகும் அலுவலகங்களில், முதலில் பார்க்க வேண்டியது மதிப்பிட்ட அழைப்புகளின் நீளத்தை.

இரண்டு குவியலாகப் பிரித்துவிட்டால் இது தீரும். கணக்குக்கான குவியலை மென்பொருள் குருட்டாம்போக்கில் எடுக்க வேண்டும், மனிதக் கை படக் கூடாது. அது மொத்தக் குழுவும் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு. பயிற்சிக்கான குவியலை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்க வேண்டும்: ஏழு நாளுக்குள் அதே வாடிக்கையாளர் திரும்பக் கூப்பிட்டவை, வழக்கத்தைவிட மிக நீண்டவை, வாடிக்கையாளர் குறைந்த நட்சத்திரம் கொடுத்தவை. இவற்றில் பாடம் நிறைய இருக்கும், ஆனால் இவற்றின் மதிப்பெண்ணை ஏஜெண்டின் சராசரியில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால், அவருடைய மோசமான ஐந்து அழைப்பை மட்டும் எடுத்து அவரை அளந்ததாகிவிடும். ஈரோட்டு அழைப்பு இந்த இரண்டாவது குவியலில், மறுநாள் திரும்ப வந்த அழைப்பாகத்தான் கண்ணில் படுகிறது.

இனி அந்த ஏஜெண்டுடன் பேசுவது. அழைப்பு நடந்து இரண்டொரு நாளுக்குள் இது நடக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டால் ஆயிரம் அழைப்புக்கு நடுவில் அது அவர் நினைவில் இருக்காது, அப்படியா சொன்னேன் என்பார், அது உண்மையாகவும் இருக்கும். மற்றவர்கள் காதில் விழாத தனி அறையில் இருவர், இரண்டு ஹெட்செட், ஒரே பதிவு. மதிப்பெண்ணை முதலில் காட்டக் கூடாது. எண்ணைப் பார்த்த கணத்திலேயே ஏஜெண்டின் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். எந்த வரியில் எத்தனை போனது, எதை வாதாடி மீட்கலாம், இந்த மாத இன்சென்டிவ் தேறுமா என்று. அதன்பின் அழைப்பு அவர் காதில் ஏறாது.

பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"முழுசாக் கேளுங்க தம்பி. எங்க நிறுத்தணும்னு உங்களுக்குத் தோணுதோ அங்க நிறுத்துங்க."

அவர் ஹோல்டில் நிறுத்துகிறார். "இங்க ரொம்ப நேரம் எடுத்துட்டேன் அக்கா."

"சரி. அதுக்கு முன்னாடி ஏதாவது?" பதில் இல்லை. நாற்பதாவது நொடியை மறுபடி போடுகிறார் க்யூஏ. "இந்த அம்மா இங்க எத்தனை விஷயம் சொல்றாங்க?"

இரண்டாவது முறை கேட்டதும் அவரே சொல்கிறார்: "நெட் வரலை. சிவப்பு லைட்டு. ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டாங்க. நான் அதைக் கேட்கவே இல்லையே."

"அந்த நேரத்துல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. இதைக் குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் மன்னிப்பு வரும், தெரிந்துகொள்ளும் குரலில் கேட்டால் தகவல் வரும். திரைப் பதிவை ஓட்டிப் பார்த்தால், நாற்பதாவது நொடியில் அவர் வாடிக்கையாளர் பக்கம் திறக்கக் காத்திருக்கிறார், நடுவில் மொபைல் எண்ணைத் திரும்பத் தட்டச்சு செய்கிறார். கண்ணும் கையும் அங்கே இருக்கின்றன. அதோடு இன்னொன்றும் சொல்கிறார்: "சிவப்பு லைட்டுன்னு தெரிஞ்சிருந்தாலும் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லித்தான் இருப்பேன் அக்கா. அந்த ஸ்டெப்பை விட்டா படிவத்துல மார்க் போயிடும்ல."

உண்மைதான். 'சரியான தீர்வு' என்ற முப்பது மதிப்பெண் வரிக்கு விளக்கக் குறிப்பில், வழிகாட்டியின் எல்லாப் படிகளையும் வரிசையாகச் செய்தாரா என்று இருந்தது. வழிகாட்டியின் முதல் படி மோடத்தை அணைத்துப் போடுவது. இந்தப் படிவம் அந்த ஏஜெண்டுக்குக் கற்றுக் கொடுத்ததைத்தான் அவர் செய்திருக்கிறார். இதைக் கேட்ட க்யூஏ, காது கொடுத்துக் கேளுங்கள் என்ற அறிவுரையோடு கூட்டத்தை முடித்தால் அது அநியாயம். படிவத்தையும் வழிகாட்டியையும் எழுதுகிறவர்களிடம் இந்தப் பதிவை எடுத்துக்கொண்டு போக வேண்டியது அவருடைய பொறுப்பு. வழிகாட்டியின் முதல் கேள்வி எந்த விளக்கு எரிகிறது என்பதாக மாற வேண்டும். LOS சிவப்பு என்றால் நேராகக் களக் குழுவுக்குப் புகார் போக வேண்டும். படிவத்தில், தேவையற்ற படியை விட்டதற்கு மதிப்பெண் குறையக் கூடாது.

ஏஜெண்டின் பங்கு என்று மிஞ்சுவது எது? ஹோல்ட், குறியீடு, இரண்டு மணி நேரம், கவனம் என்று நான்கு இருக்கின்றன. நான்கையும் ஒரே நாளில் சொல்லி அனுப்பினால் மறுநாள் ஒன்றும் மாறியிருக்காது, இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். காலக்கெடு மட்டும் தள்ளிப்போட முடியாதது, அது வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வாக்கு. திரையில் உள்ள நேரத்தை அப்படியே படிக்க வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். மீதி நேரம் முழுவதும் ஒரே ஒரு பழக்கத்துக்கு: வாடிக்கையாளர் சொல்லி முடித்ததும், அவர் சொன்னதை ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது. பக்கம் திறக்கவில்லை என்றால் குறிப்புப் பலகையில் மூன்று சொல் எழுதிக்கொள்வது. திருப்பிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால், கேட்காமல் இருக்க முடியாது. குறியீட்டுத் தவறும் பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும், ஏனென்றால் வாயால் சொன்ன காரணத்தையே கை தேர்ந்தெடுக்கும்.

பிறகு அதை அங்கேயே பேசிப் பார்க்கிறார்கள். க்யூஏ வாடிக்கையாளராகப் பேச, ஏஜெண்ட் பதில் சொல்கிறார். முதல் முறை, "சிவப்பு லைட்டு எரியுதுன்னு சொல்றீங்க, சரியா மேடம்?" என்று விறைப்பாக வருகிறது. மூன்றாவது முறை, "காலையிலேருந்து சிவப்பு லைட்டு, ரெண்டு தடவை போட்டுப் பார்த்தும் வரலை. அப்ப அதைத் திரும்பப் பண்ண வேண்டாங்க" என்று அவருடைய சொந்தப் பேச்சில் வருகிறது. அந்த வாக்கியம் அவருடைய வாயிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். க்யூஏ எழுதிக் கொடுத்தால் அது இன்னொரு மனப்பாட வருத்தமாகிவிடும்.

இதற்குப் பின் நடப்பதில்தான் பல அலுவலகங்கள் விட்டுவிடுகின்றன. ஏஜெண்ட் ஒப்புதல் பொத்தானை அழுத்துகிறார், பயிற்சி முடிந்தது என்று கணக்கில் ஏறுகிறது, அடுத்த மாதம் வேறு ஐந்து அழைப்பு, வேறு தவறு. ஒரு வாரத்துக்குள் அதே வகை அழைப்புகள் மூன்றை, அந்த ஒரு பழக்கத்துக்காக மட்டும் கேட்க வேண்டும். இதற்கு மதிப்பெண் வேண்டாம். மூன்றில் இரண்டில் திருப்பிச் சொல்லியிருந்தால் அன்றே அவர் இருக்கைக்குப் போய், எந்த அழைப்பில் எந்த வாக்கியம் நன்றாக இருந்தது என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஒன்றிலும் இல்லை என்றால் மறுபடி உட்கார்ந்து, எது தடுத்தது என்று கேட்க வேண்டும். சில சமயம் விடை, ஒரு அழைப்புக்கு ஆறு நிமிடம் என்ற சராசரி நேர இலக்காக இருக்கும். திருப்பிச் சொன்னால் நேரம் கூடும் என்று ஏஜெண்டுகள் பயப்படுகிறார்கள். நம் அழைப்பு ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடியது திருப்பிச் சொல்லாததால்தான் என்பதை அவர் காதாலேயே கேட்டிருக்கிறார் என்பதால், இந்தப் பயத்தைப் பேசிக் கரைப்பது எளிது.

பயிற்சி பலித்ததா என்று தெரிந்துகொள்ள அடுத்த மாத மதிப்பெண்ணைப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. க்யூஏ எதைக் கவனிக்கிறார் என்று தெரிந்துகொண்ட எவரும் ஐந்து அழைப்பில் மதிப்பெண்ணை ஏற்றிவிடுவார். அவர் பதிவு செய்த 'நெட் வரவில்லை' புகார்களில் எத்தனை வாடிக்கையாளர்கள் ஏழு நாளுக்குள் திரும்பக் கூப்பிட்டார்கள் என்பதையும், களக் குழு போய்ப் பார்த்தபோது கண்ட காரணமும் அவர் குறித்த காரணமும் எத்தனை புகாரில் ஒத்துப்போயின என்பதையும் பார்க்க வேண்டும். இவை இரண்டும் மதிப்பெண் படிவத்தில் இல்லாத கணக்குகள். ஒன்றை அழைப்பு மென்பொருளிலிருந்தும் மற்றதைக் களக் குழுவின் பதிவேட்டிலிருந்தும் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்கத் தயங்குவார்கள். தவறான குறியீட்டோடு வந்த புகார்களால் வீணாகப் போய் வந்த டெக்னீஷியன்களின் பயணக் கணக்கையும் சேர்த்துக் கேட்டால், களக் குழுவின் மேலாளரே அந்தப் பட்டியலை அனுப்பிவைப்பார்.